எக்செல்லும் ஸ்லைடும் தமிழுக்கு வரும்போது: உடைகிற கட்டங்கள் பற்றிய கேள்விகள்

ஆங்கில அட்டவணையை மொழிபெயர்த்தேன். சொற்களை எண்ணினால் தமிழில் குறைவாகத்தான் வருகிறது. பிறகு ஏன் கட்டங்கள் உடைகின்றன?

சொற்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். தலைப்பில் உள்ள மிக நீளமான ஒற்றைச் சொல்லைப் பாருங்கள். ஆங்கிலம் மூன்று சிறு சொற்களாகச் சொல்வதைத் தமிழ் விகுதிக்கு மேல் விகுதி ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடும். Wrap Text போட்ட கட்டத்தில் எக்செல் இடைவெளி கிடைக்கும் இடத்தில்தான் வரியை மடக்கப் பார்க்கும். இடைவெளியே இல்லாத சொல் கட்டத்தைவிட நீளமாக இருந்தால், நடுவில் வெட்டி மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும்.

உவர்மலையில் என் வீட்டு மேசையில் இருந்து செய்த ஒரு வேலையை வைத்தே இந்தப் பக்கம் முழுவதும் பேசுகிறேன். வாழ்வாதார உதவி பற்றிய ஓர் எக்செல் பைல், அதிலிருந்து எடுத்த ஸ்லைடுகள், இரண்டும் ஆங்கிலத்தில். திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளும் ஒவ்வொன்றும் ஒரு நிரை. மேலே ஒன்பது நிரல்கள். (எங்கள் பாடப்புத்தக வழக்கில் நிரை என்றால் இடமிருந்து வலம், நிரல் என்றால் மேலிருந்து கீழ். தமிழகத்து நண்பர்கள் நிரல் என்றதும் புரோகிராம் என்று நினைக்க வேண்டாம்.)

அதில் ஒரு நிரலின் தலைப்பு Resettled. ஒன்பது எழுத்து, நிரலும் அதற்கேற்ற ஒடுக்கம். நான் முதலில் போட்டது 'மீள்குடியேற்றப்பட்டவர்கள்'. கண்ணால் எண்ணினால் பதினைந்து எழுத்து, இடையில் மூச்சு விட ஓர் இடைவெளிகூட இல்லை. கட்டத்தில் அது மூன்று துண்டாக வந்தது. கடைசித் துண்டு வெறும் 'கள்'. அதை 'மீள்குடியேறியோர்' ஆக்கினால் எட்டே எழுத்து, பாதிக்குப் பாதி. ஆனால் கவனம்: ஏற்றப்பட்டவர் வேறு, ஏறியவர் வேறு. அரசாங்கம் குடியேற்றிய ஆட்களை மட்டும் எண்ணிய நிரல் என்றால் சுருக்கியது பிழையாகிவிடும். நான் வேலை தந்தவரிடம் கேட்டேன். தாமாகத் திரும்பியவர்களும் சேர்த்தி என்றார். அதன் பிறகுதான் மாற்றினேன்.

எவ்வளவு அகலம் தேவை என்பதை மொழிபெயர்க்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். தலைப்புகளை மட்டும் முதலில் தமிழாக்குங்கள். ஒவ்வொன்றிலும் மிக நீளமான சொல்லை எடுத்து, அதே எழுத்துருவில் அதே அளவில், வெற்றுத் தாள் ஒன்றில் நிரலுக்கு ஒன்றாக ஒட்டுங்கள். அந்த நிரல்களைத் தேர்ந்து, மேலே A, B என்ற எழுத்துகளுக்கு இடையில் உள்ள கோட்டை இரட்டைக் கிளிக் செய்தால் எக்செல் தேவையான அகலத்துக்கு விரித்துக் காட்டும். அந்தத் தாளை அச்சு முன்னோட்டத்தில் பார்த்தால் A4 குறுக்குவாட்டில் அடங்குமா அடங்காதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முழுவதையும் முடித்துவிட்டு இரவு பதினொரு மணிக்குத் தெரிவதைவிட இது நல்லது.

அகலமாக்க இடமில்லை. ஒரே பக்கத்தில் வரவேண்டும் என்கிறார்கள். எழுத்தைச் சின்னதாக்கலாம்தானே?

அது கடைசி வழி. Format Cells இல் Shrink to Fit என்று ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகச் சுருக்கும். பக்கத்துப் பக்கத்துத் தலைப்புகள் வேறு வேறு அளவில் நின்று, யாரோ விளையாடியதுபோல் இருக்கும். பக்க அமைப்பில் ஒரு பக்க அகலத்துக்குள் அடக்கு என்று சொன்னால் முழுத் தாளும் சமமாகச் சுருங்கும், அது பரவாயில்லை. ஆனால் எத்தனை வீதத்துக்குச் சுருங்கியது என்று பாருங்கள். 11 புள்ளி எழுத்து 62 வீதத்துக்குப் போனால் 7 புள்ளிகூட இல்லை. ஆங்கிலத்தில் அதையும் எப்படியோ வாசித்துவிடலாம். தமிழில் முதலில் மறைவது மெய்யின் மேல் உள்ள புள்ளி. மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு முறை போட்டோகொப்பி எடுத்ததும் ம் எல்லாம் ம ஆகிவிடும். தாளில் இறங்கும்போது 9 புள்ளிக்குக் கீழே நான் விடுவதில்லை.

அதற்குப் பதிலாகத் தலைப்பை இரண்டு மாடியாக்குங்கள். தமிழின் நீளம் பெரும்பாலும் ஒரே அடிச்சொல் திரும்பத் திரும்ப வருவதால்தான் உண்டாகிறது. என் பைலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிரல்கள்: Registered, Not registered. நேராக எழுதினால் 'பதிவுசெய்யப்பட்டவை', 'பதிவுசெய்யப்படாதவை'. இரண்டிலும் முக்கால்வாசி ஒன்றுதான். மேல் நிரையில் இரண்டு நிரலுக்கும் பொதுவாகப் 'பதிவு' என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே 'ஆனவை', 'ஆகாதவை'. பொருள் கொஞ்சமும் குறையவில்லை. அகலம் மூன்றில் ஒன்றாகிவிட்டது.

மேல் தலைப்பை நடுவில் வைக்க Merge செய்யாதீர்கள். இணைத்த கட்டம் தரம்பிரிக்கும்போதும் வடிகட்டும்போதும் தொல்லை தரும். Format Cells, Alignment, Horizontal என்று போனால் Center Across Selection இருக்கிறது. பார்வைக்கு அதே தோற்றம், கட்டங்கள் தனித்தனியாகவே இருக்கும்.

குறுக்கங்களும் உதவும், ஆனால் இங்குள்ள அலுவலர்கள் ஏற்கெனவே எழுதும் குறுக்கமாக இருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் பிரிவை 'கி.உ. பிரிவு' என்றால் எல்லோருக்கும் புரியும். நானே கண்டுபிடித்த குறுக்கம் எனக்கு மட்டும்தான் புரியும்.

தூர், கூடு போன்ற எழுத்துகளின் அடிப்பக்கம் வெட்டுப்பட்டு வருகிறதே?

நிரையின் உயரத்தை யாரோ கையால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எக்செல்லில் நெடுநாள் வழக்கமாக இருந்த Calibri எழுத்துருவில் தமிழே கிடையாது. நீங்கள் தமிழ் தட்டியதும் விண்டோஸ் அந்த எழுத்துகளுக்கு மட்டும் Nirmala UI அல்லது Latha போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு மேலேயும் கீழேயும் கூடுதல் இடம் வேண்டும். உயரம் தானாக மாறும் நிலையில் இருந்தால் நிரை தானே வளர்ந்துகொள்ளும். 15 புள்ளி என்று பூட்டியிருந்தால் ஊகாரத்தின் வால் போய்விடும். எல்லா நிரைகளையும் தேர்ந்து, Home, Format, AutoFit Row Height கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

சரியாகாத இடம் இணைத்த கட்டங்கள். எக்செல் அவற்றுக்கு உயரத்தைத் தானாகக் கணிக்காது. ஒரு பெரிய குறிப்பு மூன்று நிரல் அகலத்துக்கு இணைக்கப்பட்டிருந்தால், தமிழில் அதன் கடைசி இரண்டு வரிகள் சத்தமில்லாமல் மறைந்துபோகும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே கையில் கிடைக்கும் எந்தப் பைலிலும் இணைத்த கட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்.

எண்ணை நான் தொடவே இல்லை. ஆனால் தொகை இருந்த இடத்தில் ##### வருகிறது.

எழுத்து நீண்டால் பக்கத்துக் கட்டம் வெறுமையாக இருக்கும்வரை அதற்குள் வழியும். எண் அப்படி வழியாது. அரைகுறையாகத் தெரிந்தால் 12,500 என்பது 12 ஆகிவிடும் என்பதால் எக்செல் முழுவதையும் மறைத்து அந்தக் குறியைப் போடும். நீங்கள் எண்ணை மாற்றவில்லை, எண்ணின் வடிவத்துக்குள் இருந்த சொல்லை மாற்றியிருப்பீர்கள். இப்படி:

```
#,##0" HH"
#,##0" குடும்பங்கள்"
```

முதலாவது ஆங்கிலப் பைலில் இருந்தது. இரண்டாவது நான் போட்டது. கட்டத்தில் உண்மையில் இருப்பது எண் மட்டும்தான், ஆனால் காட்டும்போது 'குடும்பங்கள்' என்பதும் எண்ணோடு சேர்ந்து ஒரே மூட்டையாக அடங்க வேண்டும். நிரலை அகலமாக்குவதற்குப் பதில், அலகைத் தலைப்புக்குக் கொண்டுபோய்விடுங்கள். கட்டத்தில் வெறும் எண் போதும்.

திகதிக்கும் இதே கதைதான். மாதப் பெயர் தமிழில் வரட்டும் என்று `[$-449]dd mmmm yyyy` கொடுத்தால் பெயர் நீண்டு ##### ஆகலாம். அத்தோடு அது இந்தியத் தமிழ் மாதப் பெயரைத்தான் தரும், 'செப்டம்பர்' என்று. நாங்கள் எழுதுவது 'செப்டெம்பர்'. அட்டவணைக்குள் 2024-09-15 என்று எண்ணாகவே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

தாளுக்குப் பெயர் வைக்க விடமாட்டேன் என்கிறது. 31 எழுத்து வரை வைக்கலாம் என்கிறார்கள், எண்ணினால் என்னுடையது அதைவிடக் குறைவு!

நீங்கள் எண்ணுவது எழுத்தை. எக்செல் எண்ணுவது குறியீடுகளை. உயிர்மெய்யில் அகரம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு குறியீடு: 'தி' என்பது த ஒன்று, மேலே உள்ள இகரக் குறி ஒன்று. புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு. 'திருகோணமலை' கண்ணுக்கு ஆறு எழுத்து, எக்செல்லுக்குப் பத்து. ஒரு வெற்றுக் கட்டத்தில் `=LEN(A1)` போட்டுப் பார்க்கலாம்.

என் பைலில் ஒரு தாளின் பெயர் Trinco Town & Gravets 2024. அது 26, தாராளமாக அடங்கும். அந்தப் பிரிவின் தமிழ்ப் பெயர் 'பட்டினமும் சூழலும்'. 'திருகோணமலை பட்டினமும் சூழலும்' என்பதே 29. பின்னால் ஓர் இடைவெளியும் ஆண்டும் சேர்ந்தால் 34, ஆகாது. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுப் 'பட்டினமும் சூழலும் 2024' என்று வைத்தேன், 23 தான். மாவட்டமே திருகோணமலை என்பதால் யாருக்கும் குழப்பம் வராது.

இதே எண்ணிக்கைதான் தெரிவுப் பட்டியலிலும் காலை வாரும். Data Validation இல் தெரிவுகளைக் காற்புள்ளி போட்டு நேராக எழுதினால் மொத்தம் 255 குறியீடு வரைதான். ஆங்கிலத்தில் 11 பிரிவுகளின் பெயரோடும் DS Office என்று சேர்த்து எழுதியிருந்தார்கள், 231 வந்தது, பிரச்சினை இல்லை. தமிழில் ஊர்ப் பெயர்கள் மட்டும் என்றால் காற்புள்ளிகளோடு 110 தான், ஆங்கிலத்தைவிடக் குறைவு! ஆனால் ஒவ்வொன்றோடும் 'பிரதேச செயலகம்' என்று சேர்த்ததும் 275. கையால் தட்டினால் எக்செல் அங்கேயே மறுத்துவிடும், நல்லது. யாராவது ஸ்கிரிப்ட் எழுதி பைலுக்குள் தள்ளியிருந்தால், திறக்கும்போது பைலில் கோளாறு, திருத்தவா என்று கேட்கும். ஆம் என்றால் தெரிவுப் பட்டியலே போய்விடும்.

இதற்கு நிலையான வழி, பெயர்களை ஓர் ஓரத்தில் கட்டங்களில் எழுதி, Source இல் அந்த இடத்தைக் காட்டுவது. அதற்கு 255 என்ற எல்லை கிடையாது.

```
=$M$2:$M$12
```

இன்னொன்று: பெயர் எழுதும் கட்டத்துக்கு Text length என்று 20 எல்லை வைத்திருப்பார்கள். பன்னிரண்டு எழுத்துள்ள சாதாரணத் தமிழ்ப் பெயர்கூட அதில் முட்டிக்கொள்ளும். படிவத்தை மொழிபெயர்க்கும்போது இந்த எல்லையையும் உயர்த்துங்கள் என்று தந்தவருக்கு எழுதிவிடுங்கள்.

Yes, No இரண்டையும் ஆம், இல்லை என்று மாற்றினேன். கீழே கூட்டுத்தொகை எல்லாம் 0 ஆகிவிட்டது.

எங்கோ `=COUNTIF(D2:D40,"Yes")` இருக்கிறது. இப்போது Yes என்று எதுவும் இல்லை, ஆகவே 0. பிழைச் செய்தி வராததுதான் இதில் ஆபத்து. Ctrl+` அழுத்தினால் எல்லாச் சூத்திரங்களும் தெரியும், மேற்கோள் குறிக்குள் ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வேலையைத் தொடங்கும் முன் கூட்டுத்தொகைகளை ஒரு தாளில் குறித்து வைத்து, முடிந்ததும் ஒப்பிடுவது என் பழக்கம்.

சார்ட்டின் அடியில் பாதிப் பிரிவுகளின் பெயர் காணவில்லை. தரவு முழுக்க இருக்கிறது.

இது என்னைக் கூட்டத்தில் தலைகுனிய வைத்த பிரச்சினை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நிமிர்ந்த தூண்கள் கொண்ட சார்ட்டில், அடியில் உள்ள பெயர்கள் நீண்டால் எக்செல் முதலில் அவற்றை மடக்கப் பார்க்கும், அப்புறம் சாய்க்கும். அப்படியும் இடம் போதாவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்றைக் காட்டாமல் விடும். தூண்கள் 11 உம் இருக்கும், பெயர் ஆறுக்குத்தான் இருக்கும். என் தாளில் ஏறக்குறைய வடக்கிலிருந்து தெற்காகப் பதவிசிறிபுர, குச்சவெளி, கோமரங்கடவல, மொரவெவ, பட்டினமும் சூழலும், தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல் என்று அடுக்கியிருந்தது. ஒன்றுவிட்டு ஒன்று போனதும் குச்சவெளி, மொரவெவ, தம்பலகாமம், கிண்ணியா, சேருவில ஐந்தும் பெயரில்லாமல் நின்றன. திரையில் பார்த்தபோது எனக்குத் தெரியவே இல்லை. சார்ட் அழகாகத்தான் இருந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "தம்பி, கிண்ணியாவுக்கு ஒன்றும் குடுக்கேல்லையோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சார்ட்டில் பெயர்களை விரல் வைத்து எண்ணுகிறேன். குறைந்தால், அச்சைத் தேர்ந்து Format Axis, Labels, Interval between labels என்று போய் Specify interval unit இல் 1 கொடுத்தால் எல்லாப் பெயரும் வரும். ஆனால் இது பாதி மருந்துதான். பெயர்கள் செங்குத்தாகத் திரும்பி, சார்ட்டின் கீழ்ப்பாதியை அவையே எடுத்துக்கொள்ளும், தூண்கள் குட்டையாகிவிடும். தமிழைக் கழுத்தைத் திருப்பி வாசிப்பதும் லேசில்லை, கொம்பும் காலும் எந்த எழுத்தோடு சேர்கின்றன என்று கண் தடுமாறும்.

முழு மருந்து, தூணைப் படுக்க வைப்பது. Change Chart Type இல் Clustered Bar எடுத்தால் பெயர்கள் இடப்பக்கம் நேராக, ஒவ்வொன்றும் தன் வரியில் வரும். 'பட்டினமும் சூழலும்' நீளமென்றால் இடைவெளியில் மடங்கி இரண்டு வரியாகும். பதினொரு பெயர் ஒரு ஸ்லைடின் உயரத்துக்கு வசதியாக அடங்குகிறது.

படுக்க வைத்ததும் வரிசை தலைகீழாகும், முதல் நிரை அடியில் போய் உட்காரும். பெயர்கள் உள்ள அச்சைத் தேர்ந்து Categories in reverse order என்பதில் சரி இடுங்கள். உடனே எண்களின் அச்சு மேலே ஏறிக்கொள்ளும், அதே பலகத்தில் At maximum category என்பதைத் தேர்ந்தால் கீழே வந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நிறங்களுக்கான விளக்கப் பெட்டியும் இடத்தைத் தின்னும். 'பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்' போன்ற விளக்கம் வலப்பக்கம் இருந்தால் சார்ட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேலே தூக்கி வையுங்கள்.

இந்த மாற்றம் மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய ஒன்றா என்று கேட்கலாம். சார்ட்டின் வகையை மாற்றுவது தந்தவரின் வேலைக்குள் கைவைப்பதுதான். நான் இரண்டையும் படமெடுத்து அனுப்பி, எது வேண்டும் என்று கேட்பேன். இதுவரை யாரும் செங்குத்துப் பெயர்களைத் தேர்ந்தது இல்லை.

ஸ்லைடில் சார்ட் தமிழில் சரியாக இருந்தது. யாரோ Edit Data அழுத்தினார்கள், முழுக்க ஆங்கிலமாகிவிட்டது. ஏன்?

பவர்பாயிண்டில் உள்ள சார்ட்டுக்கு இரண்டு இடத்தில் எழுத்து இருக்கிறது. சார்ட் தன்னோடு வைத்திருக்கும் நகல் ஒன்று, உள்ளே பொதிந்திருக்கும் குட்டி எக்செல் பைல் இன்னொன்று. மொழிபெயர்ப்பு மென்பொருள் சில நேரம் நகலை மட்டும் மாற்றிவிட்டு எக்செல்லைத் தொடாது. Edit Data அழுத்தியதும் சார்ட் எக்செல்லில் இருந்து மறுபடி வாசிக்கும், தமிழ் போய்விடும். ஆகவே சார்ட்டின் சொற்களை மட்டும் நான் மென்பொருளில் செய்வதில்லை, Edit Data திறந்து அந்தக் கட்டங்களிலேயே தட்டுகிறேன். சார்ட் வெளியே உள்ள ஓர் எக்செல்லோடு இணைக்கப்பட்டிருந்தால் அந்த எக்செல்லைத் தமிழாக்க வேண்டும், அது உங்களிடம் தரப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். சிலவேளை சார்ட் வெறும் படமாகவே ஒட்டப்பட்டிருக்கும். அப்போது புதிதாகக் கீறுவதைத் தவிர வழியில்லை, அதற்குத் தனிக் கட்டணம்.

ஒவ்வொரு ஸ்லைடிலும் எழுத்து வேறு வேறு அளவில் வருகிறது. நான் எதையும் மாற்றவில்லை.

பெட்டிக்கு Shrink text on overflow என்ற குணம் இருக்கிறது. எழுத்து நிரம்பி வழிந்தால் பவர்பாயிண்ட் தானே சுருக்கும். ஒரு ஸ்லைடில் 24, அடுத்ததில் 17, அதற்கடுத்ததில் 20 என்று போகும்.

இதைவிட மோசம், மென்பொருளில் மொழிபெயர்த்து ஏற்றுமதி செய்த பைலில் இந்தச் சுருக்கம் நடந்தே இராது. சுருக்க வீதம் பைலுக்குள் ஆங்கிலத்துக்குக் கணித்தபடி எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெட்டிக்குள் யாராவது போய் ஏதாவது தட்டும்வரை பவர்பாயிண்ட் மறுபடி கணிக்காது. நீங்கள் அனுப்பும்போது எழுத்து பெட்டிக்கு வெளியே தொங்கும், தந்தவர் ஒரு காற்புள்ளியைத் திருத்தியதும் திடீரென்று முழுப் பெட்டியும் சுருங்கும். நான் ஒன்றும் செய்யவில்லையே என்று அவர் சொல்வது உண்மைதான்.

நான் செய்வது இது. View, Slide Master போய் உடல் எழுத்துக்கு ஒரே அளவு நிறுத்துகிறேன், சுருக்கத்தை Do not Autofit ஆக்குகிறேன். இப்போது எது வழிகிறதோ அது வெளிப்படையாக வழியும், ஒளிந்துகொள்ளாது. ஸ்லைடில் 20 புள்ளிக்குக் கீழே போவதில்லை. மூதூர்ப் பக்கம் பகல் வெளிச்சத்தில், ஜன்னலை மூட முடியாத மண்டபத்தில், பழைய புரொஜெக்டரில் காட்டப்போகிறார்கள் என்பதை நினைத்துத்தான் இந்த எண். வழியும் ஸ்லைடை இரண்டாக்கலாம், ஆனால் பேசுபவருக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லைடு எண்ணை வைத்துப் பேசுகிறவர் தடுமாறுவார். பெரும்பாலும் இரண்டாக்கவும் தேவைப்படாது. 'வழங்கப்பட வேண்டியதாக இருக்கின்றது' என்பதை 'வழங்க வேண்டும்' ஆக்கினால் ஒரு வரி மிச்சம். எங்கள் அலுவலகத் தமிழில் இப்படி வெட்டக்கூடிய கொழுப்பு நிறைய.

வரிகளுக்கு இடையிலான தூரத்தையும் பாருங்கள். பல வார்ப்புருக்களில் அது 0.9 ஆக இருக்கும். ஆங்கிலத்துக்கு அழகு. தமிழில் மேல் வரியின் உகரக் கொக்கி கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். 1.0 ஆக்குங்கள்.

ஸ்லைடுக்குள் உள்ள அட்டவணைக்குச் சுருங்கும் குணமே கிடையாது. நிரைகள் வளர்ந்துகொண்டே போய், கடைசி இரண்டும் ஸ்லைடின் கீழ் விளிம்பைத் தாண்டிவிடும். திருத்தும் திரையில் தொங்குவது தெரியும், காட்டும் திரையில் இல்லாமலே போகும். கடைசி நிரை என்றால் பொதுவாக மொத்தம்தானே.

OmegaT என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் எக்செல் பைலைப் போட்டால் சொற்கள் தாறுமாறான வரிசையில் வருகின்றன. இடம் தெரியாமல் எப்படி அளவு பார்ப்பது?

எக்செல் எழுத்துகளைக் கட்டத்தில் வைப்பதில்லை, பைலுக்குள் பொதுப் பட்டியல் ஒன்றில் ஒரு முறை எழுதி, கட்டங்களில் அதன் எண்ணை மட்டும் வைக்கிறது. மென்பொருள் அந்தப் பட்டியலை வரிசையாகக் காட்டுகிறது. ஆகவே பக்கத்தில் எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வதைத் தவிர வழியில்லை.

இதில் வேறொரு பொறி. ஒரே சொல் எத்தனை கட்டத்தில் இருந்தாலும் பட்டியலில் ஒன்றுதான். என் பைலில் Net என்று இரண்டு இடத்தில் இருந்தது: கொடுத்த பொருட்களின் பட்டியலில் ஒன்று, வருமான நிரலின் தலைப்பில் ஒன்று. நான் 'வலை' என்று ஒரு முறை போட்டேன். மீனவக் குடும்பங்களின் நிகர வருமானத்துக்கு மேலே 'வலை' என்று வந்து நின்றது. மென்பொருளில் இதைப் பிரிக்க முடியாது. ஏற்றுமதி செய்த பிறகு எக்செல்லில் கையால் 'நிகர' என்று திருத்தினேன். இன்னொரு வழி, வேலையைத் தொடங்கும் முன்பே மூலப் பைலில் ஒன்றை Net income என்று மாற்றிவிடுவது.

என் கணினியில் எல்லாம் அடங்கியது. அவர்கள் திறந்தால் மறுபடி உடைந்திருக்கிறது.

அவர்களிடம் வேறு எழுத்துரு. நீங்கள் ஒடுங்கிய எழுத்துருவில் அளவு பார்த்திருப்பீர்கள், அது அவர்களிடம் இல்லாததால் விண்டோஸ் அகன்ற ஒன்றைப் போட்டிருக்கும். பவர்பாயிண்டில் சேமிக்கும்போது எழுத்துருவைப் பைலுக்குள்ளேயே பொதிக்கலாம், எக்செல்லில் அந்த வசதி இல்லை. அதனால் எக்செல்லுக்கு விண்டோஸோடு வரும் Nirmala UI தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை, கட்டம் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு இடம் சும்மா விடுகிறேன்.

பழைய பைல்களில் Bamini இருந்தால் அது தனிக் கதை. அதில் 'திருகோணமலை' என்று தெரிவது உண்மையில் jpUNfhzkiy என்ற ஆங்கில எழுத்துகள்தான். கட்டத்துக்கு Bamini கொடுத்திருப்பதால் தமிழாகத் தெரிகிறது. தாளின் பெயரிலும் தெரிவுப் பட்டியலிலும் அந்த எழுத்துரு செல்லாது, குப்பையாகத்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அகலங்களை அதற்குப் பிறகு பாருங்கள். எழுத்தின் அகலம் மாறுவதால் Bamini இல் பார்த்துச் சரிசெய்த அகலம் ஒன்றுக்கும் உதவாது.

அனுப்பும்போது எக்செல், ஸ்லைடு இரண்டோடும் ஒரு PDF சேர்த்து அனுப்புகிறேன். அடுத்த முறை "உடைந்திருக்கிறது" என்று தொலைபேசி வந்தால், PDF இல் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அதில் சரி, எக்செல்லில் பிழை என்றால் எழுத்துருதான். இரண்டிலும் பிழை என்றால் தவறு என்னுடையது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி மேசையில் உட்கார வேண்டியதுதான்.